தாம்பரம் யாருக்கு? சீனியாரிட்டி, மார்க், நிர்வாக முடிவு: இடமாறுதல் கொள்கைக்கு எது சரிப்படும்

"ஒழுங்கா இரு, இல்லேன்னா தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." இது நம் ஊர் ஆபீஸ்களில் பழைய வசனம். இடமாறுதல் என்றதும் நமக்கு முதலில் தண்டனைதான் ஞாபகம் வருகிறது. அதனால் ஒரு நிறுவனம் நல்ல எண்ணத்தோடே ஒருவரை மாற்றினாலும், "யார் போட்டுக் கொடுத்தது?" என்ற கேள்வி டீக்கடைக்குப் போய்விடுகிறது.

பணியாளர் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்பதால், சமீபத்தில் இரண்டு மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சென்னையைச் சுற்றிப் பதினைந்து, இருபது கிளைகள். இருநூறு பேருக்கு மேல் ஊழியர்கள். டிரான்ஸ்ஃபர் பாலிசி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சீனியாரிட்டிப்படி கலந்தாய்வு வைப்பதா, மார்க் போட்டு வரிசைப்படுத்துவதா, இல்லை நிர்வாகமே பார்த்து முடிவு செய்யட்டும் என்று விடுவதா?

மூன்றையும் ஒரே காலியிடத்தை வைத்துப் பார்க்கலாம். நான் வேலை பார்த்த இடத்தில் நடந்ததுதான், ஆட்களை மட்டும் மாற்றி எழுதுகிறேன். தாம்பரம் கிளையில் ஒரு இடம் காலி. கேட்டவர்கள் மூன்று பேர்.

அடையார்க்காரருக்கு மொத்தம் 19 வருஷ சர்வீஸ். அதில் கடைசி 9 வருஷம் அடையாரிலேயே. சேலையூரில் வீடு கட்டிவிட்டார். தாம்பரம் கிடைத்தால் பைக்கில் பத்து நிமிஷம்.

கும்மிடிப்பூண்டிக்காரருக்கு 8 வருஷ சர்வீஸ், அதில் 5 வருஷம் கும்மிடிப்பூண்டியில். வீடு பெருங்களத்தூர். காலையில் மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வந்து, ரோட்டைக் கடந்து மூர் மார்க்கெட் வளாகத்துக்குப் போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி. போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

திருவள்ளூர்க்காரருக்கு 12 வருஷ சர்வீஸ். திருவள்ளூருக்குப் போய் 2 வருஷம்தான் ஆகிறது. அவர் பையனுக்கு அறிவுசார் குறைபாடு. தாம்பரம் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில் படிக்கிறான்.

இந்த மூன்று பேரில் யாருக்குக் கொடுத்தாலும் மற்ற இருவருக்கும் வருத்தம் இருக்கும். அந்த வருத்தம் "எனக்குக் கிடைக்கவில்லை" என்று நிற்கிறதா, "என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஆகிறதா என்பது கொள்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

## எந்த முறையானாலும் எழுதியிருக்க வேண்டியவை

முதலாவது, காலியிடப் பட்டியல். என் அனுபவத்தில் சண்டை வருவது யாருக்கு எந்த இடம் என்பதில் பாதிதான். மீதிப் பாதி, அந்த இடம் பட்டியலில் ஏன் இல்லை என்பதில். ஒரு முறை வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினோம். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் அதில் ஒரு வரி மீது வெள்ளை மை பூசியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் 'அடையார்' என்று தெரிந்தது. மேலிருந்து போன் வந்ததாம், "அந்த இடத்தைக் காட்ட வேண்டாம்" என்று. அந்த வருஷம் மற்ற முப்பது மாறுதலும் நேர்மையாகத்தான் நடந்தன. ஒருவரும் நம்பவில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால் இதையே இன்னும் சூடாகச் சொல்வார்கள். கலந்தாய்வுக்கு முன்பே நல்ல இடங்களை 'நிர்வாக மாறுதல்' என்ற பெயரில் நிரப்பிவிடுகிறார்கள் என்பது அவர்களுடைய நெடுநாள் புகார். அதனால் கொள்கை ஒரு தேதியைச் சொல்ல வேண்டும்: அன்றைய தேதியில் காலியாக உள்ள எல்லா இடங்களும் பட்டியலில் இருக்கும், பட்டியல் வந்தபின் எதையும் எடுக்க முடியாது, நிறுத்தி வைக்கும் இடம் இருந்தால் 'நிறுத்தி வைக்கப்பட்டது' என்று காரணத்தோடு அதே பட்டியலில் காட்ட வேண்டும்.

இதிலேயே இன்னொன்றும் உண்டு. அடையார்க்காரர் தாம்பரம் போனால் அடையார் காலியாகும். அந்த இடம் அன்றைக்கே அடுத்தவருக்குக் காட்டப்படுமா, அடுத்த வருஷத்துக்குத் தள்ளப்படுமா? இதை எழுதவில்லை என்றால், பட்டியலில் இல்லாத நல்ல இடங்கள் எல்லாம் ஆபீஸின் சட்டைப் பைக்குள் போய்விடும்.

இரண்டாவது, எதை எண்ணுகிறோம், எந்தத் தேதி வரை. 'சீனியாரிட்டி' என்று ஒற்றை வார்த்தை எழுதிவிட்டுப் போனால் போதாது. மொத்த சர்வீஸா, இந்தப் பதவிக்கு வந்தபின் உள்ள சர்வீஸா, இப்போதைய கிளையில் இருந்த காலமா? மூன்றும் மூன்று வரிசை தரும். முழு வருஷங்களை மட்டும் எண்ணுவதா, மாதத்தையும் சேர்ப்பதா என்பதும் உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன் ஜூலை 1 அன்று ஒரு கிளையில் சேர்ந்தவருக்கு, கணக்குத் தேதி மார்ச் 31 என்றால் 4 முழு வருஷம், ஜூன் 30 என்றால் 5. விண்ணப்பங்கள் வந்த பிறகு இந்தத் தேதியை யாராவது தேர்ந்தெடுத்தால், அது ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான்.

மூன்றாவது, முன்னுரிமை எங்கே நிற்கிறது, அதற்கு என்ன சான்று. நான்காவது, முடிவெடுப்பது யார், காரணத்தை எங்கே எழுதுகிறார். ஐந்தாவது, மறுபரிசீலனை: எத்தனை நாளுக்குள் கேட்கலாம், முதலில் முடிவெடுத்தவர் அல்லாத ஒருவர் பார்க்கிறாரா, அதுவரை ரிலீவ் செய்யாமல் வைத்திருப்பார்களா. கடைசியில் சொன்னது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் மாலை ஐந்து மணிக்கு ஆர்டரும் ரிலீவிங் கடிதமும் சேர்ந்து கைக்கு வந்தால், மறுபரிசீலனை என்பது பெயருக்குத்தான்.

இவை இல்லாமல் போனால் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். அரசு ஊழியர் வழக்குகளில், மாறுதல் என்பது பணியின் ஒரு பகுதி, உள்நோக்கமோ கட்டாய விதியை மீறியதோ இல்லாவிட்டால் நீதிமன்றம் தலையிடாது என்று ஷில்பி போஸ் வழக்கில் 1991-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழிகாட்டு நெறிமுறை இருந்தாலும் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 1993-இல் எஸ்.எல். அப்பாஸ் வழக்கில் சொன்னது. ஆக, ஊழியர் கண்ணுக்கு நியாயம் தெரிய வேண்டுமென்றால் அது கொள்கைக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

## முதல் வழி: சீனியாரிட்டிப்படி கலந்தாய்வு

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பழக்கமான முறை. ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் திரையில் காலியிடப் பட்டியல். பெயர் கூப்பிட்டால் போய் ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும். சொன்னதும் அந்த வரி சிவப்பாகும். பின்வரிசையில் ஒருவர் போனில் மெதுவாக, "தாம்பரம் போயிடுச்சுங்க, பல்லாவரம் எடுத்துடட்டுமா?" என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பார். எல்லாம் எல்லோர் கண் முன்னால் நடக்கிறது. இந்த ஒரு குணத்துக்காகவே இதற்குப் பெரிய மதிப்பு உண்டு.

நம் காலியிடத்துக்கு இதை வைத்தால் 19 வருஷ சர்வீஸ் உள்ள அடையார்க்காரர்தான் முதலில் கூப்பிடப்படுவார், தாம்பரம் அவருக்குத்தான். சரி, மொத்த சர்வீஸ் வேண்டாம், இப்போதைய கிளையில் இருந்த காலத்தை எண்ணலாம் என்றால்? அப்போதும் 9 வருஷத்தோடு அவரேதான். நல்ல இடத்தில் ரொம்ப நாள் இருந்தது, அதைவிட நல்ல இடத்துக்குப் போகும் தகுதியாகிவிடுகிறது. கும்மிடிப்பூண்டிக்காரரிடம் இதை விளக்கிச் சொல்லிப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவு இதுதான். புதிதாகச் சேர்பவர்கள் எல்லாம் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் என்று ஓரத்தில் போய் நிற்பார்கள். சீனியர்கள் நகரத்துக்குள்ளே இடம் மாறிக்கொண்டிருப்பார்கள். ஓரக் கிளைகளில் அனுபவசாலிகளே இருக்க மாட்டார்கள். இதைச் சரிக்கட்டத்தான் முன்னுரிமைப் பட்டியல் வருகிறது: மாற்றுத்திறனாளி, கணவரை இழந்தவர், புற்றுநோய் அல்லது சிறுநீரக மாற்று சிகிச்சை எடுத்தவர், கணவன் மனைவி வெவ்வேறு ஊரில் வேலை பார்ப்பவர். நியாயமான பட்டியல்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு வரி கூடும். கடைசியில் பாதிப் பேர் முன்னுரிமைக்காரர்கள் ஆகிவிட்டால் முன்னுரிமைக்கே அர்த்தமில்லை. அவர்களுக்குள் யார் முதல் என்ற சண்டை புதிதாக ஆரம்பிக்கும். கணவன் மனைவி காரணத்தை எழுதும்போது, இருவர் அலுவலகங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தால் செல்லும், ஒருமுறை பயன்படுத்தினால் மறுபடி எத்தனை வருஷம் கழித்துக் கேட்கலாம் என்ற இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இது எப்போது சரி? கிளைகளுக்குள் கஷ்ட வித்தியாசம் பெரிதாக இல்லாதபோது. எல்லாக் கிளையும் அடையார், அண்ணா நகர், குரோம்பேட்டை என்று ஊருக்குள்ளேயே இருந்தால் இதைவிட எளிய முறை கிடையாது. நாற்பது ஐம்பது பேர் இருக்கும் நிறுவனத்துக்கும் இது போதும். ஒரு காலை வேளையில் முடிந்துவிடும்.

## இரண்டாவது வழி: மார்க் முறை

ஒவ்வொரு காரணத்துக்கும் இத்தனை மார்க் என்று முன்கூட்டியே எழுதி, கூட்டி, வரிசைப்படுத்துவது. கேந்திரிய வித்யாலயா ஆசிரியர்களுக்குக் கஷ்டமான இடங்களில் வேலை பார்த்ததைக் கணக்கில் எடுக்கும் புள்ளி முறை உண்டு. ஹரியானாவில் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆன்லைன் மாறுதல் இப்படித்தான் நடக்கிறது.

நாங்கள் முதலில் எழுதிய கணக்கு இது: மொத்த சர்வீஸுக்கு வருஷம் 1 மார்க், அதிகபட்சம் 15. தூரக் கிளையில் இருக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 மார்க், அதிகபட்சம் 20. சாதாரணக் கிளை என்றால் வருஷம் 1, அதிகபட்சம் 5. மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பராமரிப்பவருக்கு 10.

| | சர்வீஸ் | கிளை | குடும்பக் காரணம் | மொத்தம் |
|---|---|---|---|---|
| அடையார்க்காரர் | 15 | 5 | 0 | 20 |
| கும்மிடிப்பூண்டிக்காரர் | 8 | 20 | 0 | 28 |
| திருவள்ளூர்க்காரர் | 12 | 8 | 10 | 30 |

தாம்பரம் திருவள்ளூர்க்காரருக்கு. இப்போது அந்த 10-ஐ 7 என்று மாற்றிப் பாருங்கள். அவருக்கு 27, இடம் கும்மிடிப்பூண்டிக்குப் போய்விடும். மார்க் முறை ஆள் முகம் பார்க்காது என்பார்கள். மார்க்கை நிர்ணயிக்கும் நாளில் யார் யார் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால், நன்றாகவே பார்க்கும். அதனால் மார்க் அட்டவணையை விண்ணப்பம் திறப்பதற்குப் பல மாதம் முன்பே வெளியிட வேண்டும், நடுவில் மாற்றினால் அந்த மாற்றம் அடுத்த சுற்றுக்குத்தான் என்று எழுத வேண்டும். எந்தெந்தக் கிளை 'தூரக் கிளை' என்பதையும் அதோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டும். ரயிலா, பஸ்ஸா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் கிலோமீட்டரை மட்டும் வைத்தால் தப்பாகும். ரயிலடியில் இருக்கும் செங்கல்பட்டும், இறங்கியபின் ஷேர் ஆட்டோவுக்கு நிற்க வேண்டிய இடமும் ஒன்றல்ல.

குறைந்தபட்சக் காலம் என்ற விதியும் இங்கே மோதும். ஒரு கிளையில் 3 வருஷம் முடித்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று பலர் எழுதுகிறார்கள். நல்ல விதிதான், வருஷா வருஷம் ஆள் மாறாமல் இருக்கும். ஆனால் திருவள்ளூர்க்காரர் 2 வருஷத்திலேயே வந்து நிற்கிறார். அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டால் அந்த 10 மார்க்குக்கு வேலையே இல்லை. மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியர்களுக்கு வழக்கமான சுழற்சி மாறுதலிலிருந்து விலக்கு தரலாம் என்று 2014-இல் மத்திய பணியாளர் துறை உத்தரவே போட்டது. தனியாருக்கு அது கட்டாயமில்லை என்றாலும், எந்தக் காரணத்துக்கு 3 வருஷ விதி தளரும் என்பதைக் கொள்கையே சொல்லிவிட வேண்டும். ஆள் வந்து நின்றபிறகு தளர்த்தினால் அதற்குப் பெயர் சலுகை.

மறைந்த செலவு, சான்று பார்ப்பது. இருநூறு பேர் உள்ள இடத்தில் இரண்டு பேருக்கு ஒரு மாத வேலை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைச் சரிபார்ப்பது சுலபம். 'தாயாருக்கு உடல்நிலை சரியில்லை' என்ற தனியார் டாக்டர் கடிதத்தை என்ன செய்வது? ஏற்கும் சான்றுகளின் பெயரை எழுதிவைக்காவிட்டால், கிளார்க் ஒருவருக்கு ஏற்று இன்னொருவருக்குத் திருப்புவார். இன்னொன்று, பட்டியலை வெளியிடும்போது மார்க்கை மட்டும் போடுங்கள். யாருக்கு என்ன நோய், யார் குழந்தைக்கு என்ன குறை என்பதெல்லாம் நோட்டீஸ் போர்டுக்கு வர வேண்டியதில்லை.

கிளைகளுக்குள் கஷ்ட வித்தியாசம் அதிகம், ஆட்களும் அதிகம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

## மூன்றாவது வழி: நிர்வாகமே முடிவு செய்வது

இதைச் சொன்னால் ஊழியர் சங்கத்தில் அடிக்க வருவார்கள். ஆனால் சில சமயம் இதுதான் சரி. புதுக் கிளை திறக்கும்போது நம்பிக்கையான இரண்டு பேர் வேண்டும். மார்க் பட்டியல் அவர்களைத் தராது. கணக்கில் முறைகேடு என்று விசாரணை நடக்கும்போது சம்பந்தப்பட்டவரை அங்கேயே வைத்திருக்க முடியாது. கணவன் மேலாளர், மனைவி அவருக்குக் கீழே என்றால் ஒருவரை நகர்த்தியாக வேண்டும். மொத்தமே நான்கு பேர் உள்ள சிறப்புப் பணிக்கு மார்க் முறை வைப்பதும் வீண் வேலை.

செலவு எங்கே என்றால், 'நிர்வாகக் காரணம்' என்ற இரண்டு வார்த்தையில். அதற்குள் எதையும் போட்டு மூடலாம். சிபாரிசுக் கடிதம், பழைய கோபம், மொட்டைக் கடிதம் எல்லாம் அதற்குள் அடங்கும். மொட்டைக் கடிதத்தை வைத்துத் தண்டனை மாதிரிச் செய்த ஒரு மாறுதலைச் சோமேஷ் திவாரி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. தொழிலாளர்கள் விஷயத்தில், கொள்கை என்ற போர்வையில் உள்நோக்கத்தோடு மாற்றுவதை 1947 தொழில் தகராறுகள் சட்டம் நியாயமற்ற நடைமுறைகளின் பட்டியலில் வைத்திருந்தது. வாய்மொழி உத்தரவைப் பற்றி 2013-இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் வந்த தீர்ப்பு ஐ.ஏ.எஸ். மாதிரி அதிகாரிகளுக்கானது: எழுத்தில் இல்லாத உத்தரவின் பேரில் நடக்க வேண்டாம், குறைந்தபட்சப் பதவிக்காலம் வையுங்கள் என்றது. அந்தப் புத்தி சின்ன ஆபீஸுக்கும் பொருந்தும். "சார் சொன்னார்" என்பது காரணம் ஆகாது.

இதை வைத்துக்கொள்வதென்றால் மூன்று வேலி போட வேண்டும். எந்தெந்தக் காரணங்களுக்கு மட்டும் நிர்வாக மாறுதல் என்று பெயர் சொல்லி எழுதுவது. ஒவ்வொரு ஆர்டரிலும் அதில் எது என்று ஒரு வரி. ஒரு வருஷத்தில் மொத்த மாறுதலில் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகாது என்ற உச்சவரம்பு. வருஷக் கடைசியில் எத்தனை நடந்தது என்ற எண்ணிக்கையையும் வெளியிடுங்கள். தவறு செய்தவருக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுங்கள். அதற்குப் பதிலாக அவரைக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பினால், அங்கே ஏற்கெனவே ஒழுங்காக வேலை பார்ப்பவர் தன்னை யாரென்று நினைத்துக்கொள்வார்?

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| | சீனியாரிட்டி | மார்க் | நிர்வாக முடிவு |
|---|---|---|---|
| தாம்பரம் கிடைப்பது | அடையார்க்காரருக்கு | திருவள்ளூர்க்காரருக்கு | யாருக்கு வேண்டுமானாலும் |
| ஊழியர் தானே கணக்குப் பார்க்கலாமா | சுலபமாக | அட்டவணை கையில் இருந்தால் | முடியாது |
| எங்கே ஏமாற்றலாம் | காலியிடப் பட்டியலில் | மார்க் நிர்ணயத்தில், சான்றில் | எங்கும் |
| ஓரக் கிளைக்காரருக்கு | நஷ்டம் | நியாயம் கிடைக்கும் | அதிர்ஷ்டம் |
| வேலைப் பளு | ஒரு நாள் | ஒரு மாதம் | ஒரு போன் |

மனமொத்த மாறுதல் தனிக்கதை. இரண்டு பேர் ஒத்துக்கொண்டு இடம் மாறுவதில் யாருக்கு நஷ்டம் என்று தோன்றும். ஓய்வுபெற ஆறு மாதம் இருக்கும் ஒருவர் நல்ல இடத்தைக் 'கொடுத்துவிட்டு' போவார். இடையில் என்ன கைமாறியது என்று நாம் பார்க்கப்போவதில்லை. இருவருக்கும் குறைந்தது இத்தனை வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்க வேண்டும் என்று ஒரு வரி போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேட்டவர்களுக்கு நான் சொன்னது: மாறுதல்களில் பெரும்பங்கு மார்க் முறைப்படி, மார்க் வரிசைப்படி கூப்பிட்டு, கலந்தாய்வு மாதிரி ஹாலில் வைத்து, திரையில் காட்டி இடம் கொடுப்பது, நிர்வாகத்துக்கு வேலி போட்ட ஒரு சிறு பங்கு. கிடைக்காதவர்களுக்கும் கடிதம் போக வேண்டும்: "தங்கள் மதிப்பெண் 28. தாம்பரம் ஒதுக்கப்பட்டவரின் மதிப்பெண் 30. 7 நாட்களுக்குள் மறுபரிசீலனை கோரலாம்." அவ்வளவு போதும்.

அப்படி ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்காரர் என் மேஜைக்கு வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்து, கடிதத்தின் பின்பக்கத்திலேயே பென்சிலால் கூட்டினார். "அடுத்த வருஷம் எனக்கு 29தான் சார் வருது. தூரக் கிளைக்கு 20-க்கு மேல மார்க் கிடையாதுன்னு போட்டிருக்கீங்க. இந்த வருஷமே 20 வந்துடுச்சு. இனிமே அங்க எத்தனை வருஷம் இருந்தாலும் அந்தப் பக்கம் ஏறாது."

அவர் சொன்னது சரி. ரொம்ப நாள் கஷ்டப்பட்டவருக்குத்தான் அந்த உச்சவரம்பு பூட்டுப் போட்டிருந்தது. எழுதின எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. நடந்து முடிந்த சுற்றை மாற்றவில்லை. அடுத்த சுற்றுக்கான அட்டவணையில் தூரக் கிளைக்கு உச்சவரம்பை எடுத்துவிட்டோம். அந்தக் கணக்குப்படி அவருக்கு 33.